பழைய பேக்கப்பை எப்போது அழிக்கலாம்?

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். நான்கைந்து கணினிகள் இருக்கின்றன. எல்லோரும் கோப்புகளைப் போட்டு வைக்க ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கிறது. அதில் கணக்குக் கோப்புகள், ஸ்கேன் செய்த ரசீதுகள், கையெழுத்தான பிடிஎஃப்கள் என்று 200 ஜிபி சேர்ந்திருக்கிறது. தினமும் இரவு 10:30 மணிக்கு எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் இருக்கும் 2 டிபி வட்டில் பேக்கப் எடுக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் முழுதாக நகலெடுத்தால் பத்தே நாளில் வட்டு நிரம்பிவிடும்.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஞாயிறன்று முழு நகல் எடுப்பார்கள், மற்ற நாட்களில் முந்தைய நாளுக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பார்கள். இடம் மிச்சமாகும், ஆனால் ஒவ்வொரு நாளின் நகலும் அதற்கு முந்தையதை நம்பியே நிற்கும். புதன்கிழமை நகல் கெட்டுப்போனால் வியாழன், வெள்ளி நகல்களால் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமையின் முழு நகலை அழித்தால் அந்த வாரமே போய்விடும். அதனால் பழையதை அழிக்க எல்லோருக்கும் பயம்.

ரெஸ்டிக் போன்ற மென்பொருள்கள் இந்தச் சங்கிலியையே எடுத்துவிட்டன. அலெக்சாண்டர் நாய்மன் தொடங்கி வைத்த ரெஸ்டிக், கோ மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். போர்க், கோப்பியா ஆகியவையும் இதே வகைதான். ஒரே தரவை இரண்டு முறை சேமிப்பதில்லை என்பதுதான் இவற்றின் அடிப்படை. அதைப் புரிந்துகொண்டால்தான் பழையதை எப்போது அழிக்கலாம், எப்படி அழிக்கலாம் என்பது விளங்கும். இந்தக் கட்டுரை ரெஸ்டிக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

ரெஸ்டிக் ஒரு பெரிய கோப்பைப் படிக்கும்போது அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு சராசரியாக 1 எம்பி இருக்கும். அரை எம்பிக்குக் குறையாது, 8 எம்பியைத் தாண்டாது. அரை எம்பியை விடச் சிறிய கோப்பை வெட்டாமல் அப்படியே ஒரு துண்டாக எடுத்துக்கொள்ளும். எங்கே வெட்டுவது என்பதை அளவுகோல் வைத்து முடிவு செய்வதில்லை. 64 பைட் அகலமுள்ள ஒரு சாளரத்தைக் கோப்பின் மேல் நகர்த்திக்கொண்டே போய், உள்ளே தெரியும் பைட்டுகள் ஒரு குறிப்பிட்ட கணக்குக்குப் பொருந்தும் இடத்தில் வெட்டுகிறது. கோப்பின் தொடக்கத்தில் யாராவது ஒரு வரியைச் சேர்த்தால் பின்னால் உள்ளவை எல்லாம் சில பைட்டுகள் தள்ளிப்போகும். ஆனால் வெட்டும் இடத்தை உள்ளடக்கமே தீர்மானிப்பதால் பின்னால் உள்ள வெட்டுகள் பழைய இடங்களிலேயே விழும். 2 ஜிபி கோப்பில் ஒரு பதிவு மாறினால் ஒன்றிரண்டு துண்டுகள்தான் புதிதாகின்றன.

ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் ஒரு கைரேகை எடுக்கப்படுகிறது. அதே கைரேகை சேமிப்பகத்தில் ஏற்கெனவே இருந்தால் துண்டை மறுபடி எழுதுவதில்லை. ஒரே ரசீது மூன்று ஃபோல்டர்களில் கிடந்தாலும், இரண்டு கணினிகள் ஒரே சேமிப்பகத்துக்குப் பேக்கப் எடுத்தாலும், துண்டு ஒன்றுதான். எல்லாம் முடிந்தபின் அன்றைய தேதியில் ஒரு ஸ்னாப்ஷாட் எழுதப்படுகிறது. நூலகத்து அட்டவணைச் சீட்டு போல அது மிகச் சிறியது. எந்த ஃபோல்டரில் எந்தக் கோப்பு, அந்தக் கோப்பு எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்ற விவரத்துக்கு அதிலிருந்து வழி போகிறது.

ஆகவே எந்த ஸ்னாப்ஷாட்டும் இன்னொன்றை நம்பி நிற்பதில்லை. ஒவ்வொன்றும் அந்த இரவின் முழு நகல். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றவற்றுக்கு எந்தக் குறையும் வராது. அந்த அலுவலகத்தில் ஒரு நாளைக்கு 300 எம்பி புதிதாகவோ மாறியோ வருகிறது என்றால், அன்றைய ஸ்னாப்ஷாட்டுக்கு ஆகும் இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தாலும் 90 ஜிபி. எதையுமே அழிக்காமல் விட்டாலும் 2 டிபி வட்டு சில ஆண்டுகளுக்குத் தாங்கும்.

பிறகு ஏன் அழிக்க வேண்டும்? பெரும்பாலும் சில குறிப்பிட்ட கோப்புகள்தான் காரணம். தரவுத்தளத்தை இரவுதோறும் ஜிப் செய்து 8 ஜிபி கோப்பாகப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிப் செய்த கோப்பில் உள்ளே ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள பைட்டுகள் எல்லாம் மாறிவிடும். ரெஸ்டிக்கின் கண்ணுக்கு அது முழுக்கப் புதிய கோப்பு. தினம் 8 ஜிபி சேர்ந்தால் ஒரு வருடம் முடிவதற்கு முன்பே வட்டு நிரம்பிவிடும். இதற்கு முதல் மருந்து அழிப்பது அல்ல, ஜிப் செய்யாமல் போடுவது. 2022-இல் வந்த 0.14 பதிப்பிலிருந்து ரெஸ்டிக்கே துண்டுகளைச் சுருக்கிச் சேமிக்கிறது. அப்படியும் தற்காலிகக் கோப்புகள், வீடியோக்கள், வாடிக்கையாளர் விலகிப் போனபின் வைத்திருக்கக் கூடாத ஆவணங்கள் என்று கழிக்க வேண்டியவை சேரத்தான் செய்யும்.

கழிப்பதை ரெஸ்டிக் இரண்டு தனித்தனி வேலைகளாக வைத்திருக்கிறது. `forget` ஸ்னாப்ஷாட்டை மட்டும் நீக்கும், துண்டுகளைத் தொடாது. நொடிகளில் முடிந்துவிடும், வட்டில் இடம் கூடாது. `prune` என்பது மீதமுள்ள ஸ்னாப்ஷாட்டுகளில் எதற்கும் தேவைப்படாத துண்டுகளைத் தேடி நீக்குவது. பலரும் `prune` கட்டளையைக் கண்டு பயப்படுகிறார்கள். என் கருத்தில் அதிகம் யோசிக்க வேண்டியது `forget` கட்டளையில்தான். எது போக வேண்டும் என்று முடிவெடுப்பது அதுதான்.

கையேடுகளிலும் ஸ்கிரிப்டுகளிலும் அடிக்கடி காணும் விதி இப்படி இருக்கும்:

```
restic forget --keep-daily 7 --keep-weekly 5 --keep-monthly 12
```

கடைசி 7 நாட்களுக்கு நாளுக்கு ஒன்று, கடைசி 5 வாரங்களுக்கு வாரத்துக்கு ஒன்று, கடைசி 12 மாதங்களுக்கு மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு நாளிலும் வாரத்திலும் மாதத்திலும் கடைசியாக எடுத்தது நிற்கும். வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. 2025 ஜனவரி 1 முதல் ஓர் இரவும் தவறாமல் பேக்கப் நடந்து, இந்த விதியும் இரவுதோறும் ஓடியிருந்தால், ஜூன் 30, திங்கள் இரவு என்ன மிஞ்சியிருக்கும் என்று பார்ப்போம்.

நாள் கணக்கில் ஜூன் 24 முதல் 30 வரை ஏழு. வாரக் கணக்கில் 30, 29 இரண்டும் ஏற்கெனவே வந்துவிட்டன, அவற்றோடு ஜூன் 22, 15, 8 ஆகிய மூன்று ஞாயிறுகள் சேரும். மாதக் கணக்கில் மே 31, ஏப்ரல் 30, மார்ச் 31, பிப்ரவரி 28, ஜனவரி 31. பன்னிரண்டு மாதம் இன்னும் நிறையாததால் எல்லாவற்றிலும் பழையதான ஜனவரி 1-ஐயும் ரெஸ்டிக் விட்டு வைக்கும். மொத்தம் எடுத்தவை 181, மிஞ்சியவை 16. ஆறு மாதத்துக்கும் பரவலாக நகல் இருப்பதால் பார்க்க நிறைவாகத்தான் இருக்கிறது.

இனி ஒரு கோப்பைப் பின்தொடர்வோம். ஜூன் 10, செவ்வாயன்று ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் புதிய கோப்பாகத் தயாரிக்கிறார்கள். 10, 11 இரவுகளின் ஸ்னாப்ஷாட்டில் அது இருக்கிறது. 12-ஆம் தேதி பகலில் ஃபோல்டரை ஒழுங்குபடுத்தும் ஒருவர் அதைத் தவறுதலாக அழித்துவிடுகிறார். யாரும் கவனிக்கவில்லை. 17-ஆம் தேதி இரவு வரை 11-ஆம் தேதி ஸ்னாப்ஷாட் ஏழு நாள் கணக்குக்குள் இருக்கிறது. 18-ஆம் தேதி இரவு அது நீங்குகிறது. மிஞ்சியுள்ள ஜூன் 8 ஸ்னாப்ஷாட்டில் கோப்பு இல்லை, அப்போது அது பிறக்கவே இல்லை. ஜூன் 15-இலும் இல்லை, அதற்குள் அழிந்துவிட்டது. ஜூன் 30 அன்று வாடிக்கையாளர் கேட்கும்போது, 16 ஸ்னாப்ஷாட்டுகளில் ஒன்றில்கூட அந்தக் கோப்பு கிடையாது. பேக்கப் ஓர் இரவும் தவறவில்லை, எந்தப் பிழையும் நடக்கவில்லை. விதி சொன்னபடிதான் எல்லாம் நடந்தது.

உண்மையான பாதுகாப்பு ஏழு நாள்தான், மற்றவை இடைவெளி விட்ட கம்பிகள். தினசரி ஸ்னாப்ஷாட் ஒன்றுக்கு 300 எம்பிதான் ஆகிறது என்னும்போது ஏழோடு நிறுத்துவதில் எந்த லாபமும் இல்லை. சங்கிலி முறையில் நகல் எடுத்த காலத்துக் கஞ்சத்தனத்தை இங்கே தொடர வேண்டியதில்லை. அந்த அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுக்கும் விதி இது:

```
restic forget --keep-within 60d --keep-weekly 26 --keep-monthly 36 --dry-run
```

கடைசி 60 நாட்களில் எடுத்தது எதுவும் போகாது. அந்த 60 நாளும் இன்றைய தேதியிலிருந்து அல்ல, கடைசி ஸ்னாப்ஷாட்டின் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. `--keep-daily` விதியிலும் பேக்கப் நடந்த நாட்கள் மட்டுமே கணக்கில் வரும். சர்வர் மூன்று மாதம் பழுதாகிக் கிடந்தாலும், நாள் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் பழைய நகல்கள் அழிந்துவிடாது. மிகவும் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. கடைசியில் உள்ள `--dry-run` எதையும் நீக்காமல், எது நிற்கும், எது போகும், ஏன் என்று பட்டியல் காட்டும். விதியை மாற்றும்போதெல்லாம் முதலில் இதோடு ஓட்டி, பட்டியலை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் பார்க்கலாம். ரெஸ்டிக் ஸ்னாப்ஷாட்டுகளைக் கணினியின் பெயரையும் பேக்கப் எடுத்த பாதையையும் வைத்துக் குழுக்களாகப் பிரித்து, விதியை ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகப் பொருத்துகிறது. பாதையை `/home/office` என்பதிலிருந்து `/srv/office` என்று மாற்றினால் புதுக் குழு தொடங்கிவிடும். பழைய குழுவில் புதிதாக எதுவும் சேராததால், அதில் மிஞ்சியவை போகாமல் அப்படியே நிற்கும். டாக்கர் கன்டெய்னருக்குள்ளிருந்து பேக்கப் எடுத்தால் ஒவ்வொரு முறையும் கணினிப் பெயர் வேறாக அமையலாம். அப்போது ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் ஒரு தனிக் குழு, எதுவுமே கழியாது. விதி ஓடிக்கொண்டிருந்தும் வட்டு நிரம்புகிறது என்றால் முதலில் குழுக்களை எண்ணுங்கள். பேக்கப் கட்டளையில் `--host` கொடுத்துப் பெயரை நிலையாக வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

இனி `prune`. துண்டுகள் வட்டில் தனித்தனிக் கோப்புகளாகக் கிடப்பதில்லை. பல துண்டுகளைச் சேர்த்து, வழக்கமாக 16 எம்பி அளவுள்ள பொதிகளாகக் கட்டி வைக்கிறது ரெஸ்டிக். எந்தத் துண்டு எந்தப் பொதியில் என்று சொல்ல ஓர் இன்டெக்ஸ் உண்டு. `prune` முதலில் மீதமுள்ள ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாவற்றையும் நடந்து பார்த்து, தேவையான துண்டுகளைக் குறித்துக்கொள்கிறது. அவற்றில் ஏதேனும் ஒன்று இன்டெக்ஸில் காணவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். ஏற்கெனவே குறை உள்ள சேமிப்பகத்தில் கை வைத்து மேலும் கெடுக்காது.

எல்லாம் சரியாக இருந்தால் பொதிகள் மூன்று வகையாகப் பிரியும். முழுக்கத் தேவையானவற்றைத் தொடாது. முழுக்கத் தேவையற்றவை அழிக்கப்படும். பாதி தேவை, பாதி தேவையில்லை என்றுள்ள பொதிகளில் நல்ல துண்டுகளை எடுத்துப் புதிய பொதியாகக் கட்ட வேண்டும். பாதுகாப்பு முழுவதும் இதன் வரிசையில் இருக்கிறது. முதலில் புதிய பொதி எழுதப்படும். அடுத்துப் புதிய இன்டெக்ஸ், அதன்பின் பழைய இன்டெக்ஸ் நீக்கம். பழைய பொதிகள் அழிவது எல்லாவற்றுக்கும் கடைசியில். நடுவில் மின்சாரம் போனாலும் தேவையான துண்டின் ஒரு பிரதியாவது எப்போதும் வட்டில் இருக்கும். கூடுதலாகச் சில பொதிகள் கிடக்கலாம், அடுத்த `prune` அவற்றை நீக்கிவிடும்.

இந்த வரிசைக்கு ஒரு விலை உண்டு. அழிப்பதற்கு முன் எழுதுவதால் வேலை நடக்கும்போது கூடுதல் இடம் வேண்டும். வட்டு முழுக்க நிரம்பியபின் `prune` ஓட்டலாம் என்று காத்திருந்தால் எழுத இடமிருக்காது. வட்டில் 15, 20 விழுக்காடு காலியாக இருக்கும்போதே ஓட்டிவிட வேண்டும். எல்லாப் பொதிகளையும் திருப்பிக் கட்டினால் நேரம் அதிகம் ஆகும் என்பதால், மொத்தத்தில் 5 விழுக்காடு வரை தேவையற்ற தரவு தங்குவதை ரெஸ்டிக் இயல்பாகவே அனுமதிக்கிறது. `prune` முடிந்தும் எதிர்பார்த்த அளவுக்கு இடம் கிடைக்காததற்குப் பல நேரம் இதுதான் காரணம். `--max-unused` கொடுத்து அந்த அளவை மாற்றிக்கொள்ளலாம்.

மின்வெட்டை விட எனக்குப் பெரிதாகப் படும் ஆபத்து வேறு. `prune` ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கணினி பேக்கப் எடுக்கத் தொடங்குகிறது என்று வையுங்கள். அது ஒரு துண்டின் கைரேகையைப் பார்த்து, சேமிப்பகத்தில் ஏற்கெனவே இருக்கிறது, எழுத வேண்டாம் என்று முடிவு செய்கிறது. அதே துண்டைத்தான் `prune` யாருக்கும் தேவையில்லை என்று கணக்கிட்டு அடுத்த நிமிடம் அழிக்கிறது. பேக்கப் வெற்றி என்று முடியும், ஆனால் அந்த ஸ்னாப்ஷாட்டில் ஓட்டை இருக்கும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

இதைத் தடுக்கவே பூட்டு இருக்கிறது. பேக்கப் வேலைகள் பல ஒரே நேரத்தில் நடக்கலாம், அவை பகிர்ந்துகொள்ளும் பூட்டைப் போடுகின்றன. `prune` போடுவது தனிப்பூட்டு, வேறு யாரும் உள்ளே வர முடியாது. வேலை நடக்கும் வரை பூட்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். நடுவில் கணினி நின்றுபோனால் பூட்டு அப்படியே கிடக்கும், மறுநாள் வேலை ஓடாது. அந்தப் பிழைச் செய்தியால் சலித்துப்போய்ச் சிலர் ஸ்கிரிப்டின் முதல் வரியாக `restic unlock --remove-all` என்று போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது வேறொரு கணினி இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் பூட்டையும் உடைத்துவிடும். வெறும் `restic unlock` போதும். அரை மணி நேரமாகப் புதுப்பிக்கப்படாத பூட்டையும், அதே கணினியில் செத்துப்போன வேலையின் பூட்டையும் மட்டும்தான் அது நீக்கும். உயிரோடு இருக்கும் பூட்டுக்காகக் காத்திருக்க `--retry-lock 30m` என்று கொடுக்கலாம்.

இதையெல்லாம் சேர்த்தால் நேர அட்டவணை தானாக அமைந்துவிடும். பேக்கப்பும் `forget` கட்டளையும் தினமும் இரவு ஓடட்டும். `prune` மாதத்துக்கு ஒருமுறை, யாரும் வேலை செய்யாத நேரத்தில் போதும். சிஸ்டம்டி டைமரில் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை 3 மணியை இப்படி எழுதுவார்கள்:

```
[Timer]
OnCalendar=Sun *-*-1..7 03:00
Persistent=true
```

`Persistent=true` இருந்தால், அந்த நேரத்தில் சர்வர் அணைந்திருந்தாலும் திரும்ப எழுந்ததும் வேலை ஓடிவிடும். இரண்டு கட்டளைகளையும் `forget --prune` என்று ஒரே வரியில் சேர்த்து ஓட்டவும் வசதி இருக்கிறது. நான் அதைச் சேர்ப்பதில்லை. `forget` நீக்கிய ஸ்னாப்ஷாட்டின் துண்டுகள் அடுத்த `prune` வரை வட்டிலேயே கிடக்கின்றன. விதியைத் தவறாக எழுதிவிட்டது அதற்குள் தெரிந்தால், எந்த ஸ்னாப்ஷாட்டிலும் சேராத ஃபோல்டர்களைத் தேடித் திரட்டி ஒரு புதிய ஸ்னாப்ஷாட்டாகக் கொடுக்க `restic recover` இருக்கிறது. பழைய தேதிகள் திரும்பி வராது, தேடி எடுக்க வேண்டியிருக்கும், ஆனால் கோப்பு கிடைக்க வாய்ப்பு உண்டு. `prune` முடிந்தபின் அதுவும் இல்லை.

ஸ்கிரிப்டில் கவனிக்க வேண்டியது, பேக்கப் என்ன எண்ணோடு முடிந்தது என்பது. 0 என்றால் எல்லாம் சரி. 1 என்றால் ஸ்னாப்ஷாட்டே உருவாகவில்லை. 3 என்றால் ஸ்னாப்ஷாட் உருவானது, ஆனால் சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை. இந்த 3-ஐ யாரும் பார்க்காவிட்டால், அனுமதி மாறிப்போன ஒரு ஃபோல்டர் அன்றிலிருந்து எந்த நகலிலும் இருக்காது. பழைய நல்ல ஸ்னாப்ஷாட்டுகளோ ஒவ்வொன்றாக விதிப்படி நீங்கிக்கொண்டே வரும். ஆகவே பேக்கப் 0 என்று முடிந்தால் மட்டுமே `forget` ஓடும்படி, இரண்டுக்கும் நடுவில் `&&` போடுவது நல்லது. 3 வந்தால் ஒரு மனிதருக்கு மின்னஞ்சல் போக வேண்டும்.

`prune` முடிந்ததும் `restic check` ஓட வேண்டும். வெறுமே ஓட்டினால் இன்டெக்ஸும் ஸ்னாப்ஷாட்டுகளும் பொதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கும், பொதிக்குள் இருக்கும் தரவைப் படிக்காது. வட்டு பழுதாகி ஒரு பொதியின் நடுவில் சில பைட்டுகள் மாறியிருந்தால் இதில் தெரியாது. அதற்கு:

```
restic check --read-data-subset=10%
```

இது பொதிகளில் பத்து விழுக்காட்டைத் தோராயமாகத் தேர்ந்து முழுக்கப் படித்துக் கைரேகையைச் சரிபார்க்கிறது. விழுக்காட்டுக்குப் பதிலாக `1/12`, அடுத்த மாதம் `2/12` என்று கொடுத்துக்கொண்டே போனால் ஒரு வருடத்தில் எல்லாப் பொதிகளும் ஒரு சுற்று படிக்கப்பட்டுவிடும். ஒரே துண்டு நூறு ஸ்னாப்ஷாட்டுகளுக்குப் பொதுவாக இருக்கும் இடத்தில் இந்தச் சோதனை கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்த ஒரு துண்டு கெட்டால் நூறிலும் அந்தக் கோப்பு கெட்டுவிடும். இருமுறை சேமிக்காததன் மறுபக்கம் இதுதான். அதனால் முக்கியமான தரவுக்கு இன்னொரு வட்டில், இன்னொரு சேமிப்பகமாக, இரண்டாவது பேக்கப் எடுப்பதை நான் வற்புறுத்துவேன்.

கடைசியாக, அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி. அலுவலகச் சர்வரில் ரான்சம்வேர் புகுந்தால், அங்கே சேமித்திருக்கும் ரெஸ்டிக் கடவுச்சொல்லும் அதன் கையில் கிடைக்கும். `forget`, `prune` இரண்டையும் அதுவே ஓட்டிவிடலாம். ரெஸ்டிக் குழுவினரே தரும் ரெஸ்ட்-சர்வர் என்ற சிறு மென்பொருளை `--append-only` என்று ஓட்டினால், பேக்கப் எடுக்கும் கணினியால் சேர்க்க மட்டும் முடியும், எதையும் அழிக்க முடியாது. கழிக்கும் வேலை முழுவதும் வட்டு இருக்கும் கணினியில், வேறொருவர் பொறுப்பில் நடக்கும். அங்கேயும் `--keep-last 10` போன்ற எண்ணிக்கை விதியை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே நுழைந்தவன் பத்து வெற்று ஸ்னாப்ஷாட்டுகளைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தால் போதும், உங்கள் விதியே நல்லவற்றையெல்லாம் நீக்கிவிடும். அதனால் இந்த அமைப்பில் `forget` தானாக ஓடாமல் இருக்கட்டும். பொறுப்பில் இருப்பவர் மாதம் ஒருமுறை `restic snapshots` பட்டியலைத் திறந்து, தேதியும் எண்ணிக்கையும் வழக்கம்போல இருக்கின்றனவா என்று பார்த்து, ஏதாவது ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து இரண்டு கோப்புகளை வெளியே எடுத்துத் திறந்து பார்த்த பிறகு, தன் கையால் ஓட்டட்டும்.